காலையில் என்ன குடித்தீர்கள்?

பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சட்டி பானையெல்லாம் என்னிடம் திட்டு வாங்கின.

திங்கட்கிழமை ஹட்டனில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு இன்டர்வியூ. வரவேற்பு மேசை வேலை. வருகிறவர்களைப் பதிய வேண்டும், எந்தப் பரிசோதனைக்கு எப்படித் தயாராக வர வேண்டும் என்று சொல்லியனுப்ப வேண்டும். அது கிடைக்காவிட்டால் சனிக்கிழமை நான் கொழும்பு பஸ் ஏற வேண்டும். அங்கே மாமா தன் புடவைக்கடையில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார், சனிக்கிழமை வரைக்கும்தான்.

கொழும்பு எனக்குப் பயமில்லை. அம்மாவைத் தனியாக விடுவதுதான் பயம். அப்பா இறந்து ஆறு வருடம். அம்மாவுக்குச் சீனி வியாதி, காலில் ஆறாத புண். அந்தக் காலோடுதான் தேயிலைக் கொழுந்து பறிக்க மலை ஏறுகிறாள். கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்த பிறகு இரண்டு தடவை வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்துவிட்டாள். மூன்றாம் தடவை, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தால் யாருக்குத் தெரியும்?

இன்டர்வியூ எடுத்தவர் அந்த நிலையத்தின் மேலாளர், சிங்கள அம்மையார், தமிழும் ஓரளவு தெரிந்தவர். "தோட்டத்திலிருந்து ஒருவர் வருகிறார். நாளைக்கு வெறும் வயிற்றில் சீனி பார்க்க வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? சொல்லிக் காட்டுங்கள்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ராத்திரி பத்து மணிக்குப் பெறகு ஒண்ணும் சாப்பிடாம வாங்க" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

இன்டர்வியூ முடிந்தால் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட வேண்டும் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒருநாள் இரண்டுநாளுக்குள் போட வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும், இந்த வேலைக்கு நாம் ஏன் பொருத்தம் என்பது அதில் தெரிய வேண்டும். அன்று சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் லயத்துக்கே மனு எழுதுகிறவள் நான். கூரைத் தகரம் ஓட்டையானாலும், பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும் தோட்டத்துத் துரைக்கு மனு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைக்கு அந்தப் பழக்கம்தானே வரும்? அம்மா விதவை, நோயாளி, இந்த வேலையை விட்டால் எங்களுக்குக் கதி இல்லை, தாங்கள் மனமிரங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் உருகி உருகி எழுதிவிட்டேன்.

அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"காலைப் பத்தி எழுதலியே புள்ள. புண்ணு ஆறலன்னு எழுது. பாவம்னு நெனைப்பாங்க."

"மனுவாம்மா இது? வேலைம்மா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் போனில் இருந்ததும் மனுதான் என்று உறைத்தது. அந்த அம்மையாருக்கு வேண்டியது மேசையில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்க்கிற ஆள். கூரைத் தகரம் கேட்டு நிற்கிறவளை வைத்து அவர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் அழித்தேன். அழித்த பிறகு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவுக்குக் கிளினிக்கில் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இருட்டோடு கிளம்பி, டிக்கோயா பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் உட்கார்ந்தோம். நர்ஸ் வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்க, "ஒண்ணும் திங்கல மிஸ்" என்றாள் அம்மா. நர்ஸ் நகர்ந்ததும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"நல்லவேள தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தேன். இல்லாட்டி இந்தக் குளிருக்கு வெறச்சிப் போயிருப்பேன்."

எனக்குத் திக்கென்றது. "சீனி போட்டா?"

"ரெண்டு கரண்டி. ஏன்?"

"போன தடவையும் குடிச்சிட்டா வந்தீங்க?"

"எப்பவுந்தான். தேத்தண்ணி என்னா சாப்பாடா?"

போன தடவை அளவு எகிறியிருந்ததால்தான் மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகுதான், சீனி அளவுக்கு மீறி இறங்கி, அந்த மயக்கங்கள். கிளினிக் அட்டையைப் பார்த்து, "சாப்பிடாம போகணும்மா" என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சொல்லி அனுப்பியது யார்? நான்தான். முந்தின நாள் இன்டர்வியூவில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னதும் அதே வாசகம்தான்.

நர்ஸைத் தேடிப் போய்ச் சொன்னேன். நாளைக்கு வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வரச் சொன்னார். அம்மா பின்னாலேயே வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "தப்பு எம்மேலதான் மிஸ், தெரியாம குடிச்சிட்டேன்" என்றாள். பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதே மின்னஞ்சலை எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'நேற்று நேரம் ஒதுக்கி என்னுடன் பேசியதற்கு நன்றி. நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் போதாது. தோட்டத்து மக்கள் விடிந்ததும் குடிக்கும் தேநீரைச் சாப்பாடாக எண்ணுவதில்லை. சாப்பிடாமல் வாருங்கள் என்றால் சீனி போட்ட தேநீர் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம், தேநீரும் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரத்தம் எடுக்கும் முன், காலையில் என்ன குடித்தீர்கள் என்றும் கேட்பேன். இந்த மக்களோடு தினமும் பழகுகிறவள் என்பதால் இந்த வேலையை என்னால் கவனமாகச் செய்ய முடியும். அடுத்த திங்கள் முதல் வேலைக்கு வர முடியும்.' கீழே என் பெயரும் போன் நம்பரும்.

அம்மாவின் கால் அதில் இல்லை, மயக்கமும் இல்லை. அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்தேன். உன் பதில் பிழை என்று தன் வாயாலேயே சொல்கிறவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? பஸ் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

புதன்கிழமை அம்மா தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இரத்தம் கொடுத்தாள். அளவு நன்றாகக் குறைந்திருந்தது, டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. கிடைத்ததா என்று கேட்டு இன்னொன்று போடக் கை பரபரத்தது. போட்டால் அது மனுவாகிவிடும் என்று போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, அடுப்போடு சண்டை பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை போன் அடித்தது. அந்த அம்மையார்தான். திங்கட்கிழமை வரச் சொன்னார், முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். "அந்தத் தேநீர் விஷயம் எங்களுக்கே தோன்றவில்லை" என்றார். நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "அய்யோ என் ராசாத்தி!" என்று என் கன்னத்தை வழித்தாள். உடனே, "காலைப் பத்தி எழுதுனியா?" என்றாள்.

"இல்லம்மா. தேத்தண்ணியப் பத்தி எழுதுனேன்."

"என்னையப் பத்தியா?"

"பேரு போடல."

அவள் முகம் மெதுவாக வாடியது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் மயங்கி விழுந்தது, நான் குடிச்ச இந்தத் தேத்தண்ணியாலதானா புள்ள?"

என் பதில் பிழை என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் எழுதி மூன்று நாளாகியிருந்தது. அம்மாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"இல்லம்மா. நான் ஒழுங்கா சொல்லாததால."