கையெழுத்து விழாத லெவல் ஷீட்

சிவில் டிப்ளமோ மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைனஸ் மேடம். அரை மதிப்பெண் குறைக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும், அவள் முகத்தில் வெளிச்சம் வரும் என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளூர ஒரு பெருமைகூட. சர்வே பாடத்தில் இளகிய மனசு வைத்தால் நாளைக்குக் கட்டடம் சாயும் என்று வீட்டில் கணவனிடம் சொல்வாள். "சாம்பார்ல உப்பு கொறஞ்சா மட்டும் மைனஸ் கெடையாதா?" என்று அவன் கேட்பான்.

அந்த வருஷம் பகுதிநேர வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். அதில் ஒருத்திக்கு வயது இருபத்தொன்பது, மூன்று வயதில் பெண் குழந்தை. மற்றவர்கள் எல்லோரும் சின்னப் பையன்களும் பெண்களும் என்பதால் வகுப்பே அவளை அக்கா என்று கூப்பிட்டது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, புரியாததைக் கூச்சப்படாமல் கேட்பாள்.

"மேடம், பேக்சைட்டுன்னா பின்னாடி திரும்பிப் பாக்கறதுதானே? அதை எதுக்குக் கூட்டணும்?"

மேடத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பலகையில் படம் போட்டாள்.

"திசையை விடுங்க. கருவியை ஒரு எடத்துல நிறுத்தினதும், உயரம் தெரிஞ்ச புள்ளியில ஸ்டாஃபை, அதான் அந்த அளவுக் கம்பத்தை, வெச்சு மொதல்ல எடுக்கற அளவுதான் பேக்சைட். ஆபீஸ் வாசல்ல பெஞ்ச் மார்க், அதோட உயரம், அதாவது ஆர்.எல்., நூறு மீட்டர். அங்க ஸ்டாஃப்ல 1.425 தெரியுது. அப்போ நம்ம கருவியோட பார்வை அந்தப் புள்ளிக்கு மேல அவ்வளவு ஒசரத்துல இருக்கு. கூட்டினா 101.425. கருவியைத் தூக்கறதுக்கு முன்னாடி கடைசியா எடுக்கறது ஃபோர்சைட். அந்தப் புள்ளி பார்வைக்குக் கீழ இருக்கு, அதனால கழிக்கணும். 0.860 வந்தா, அந்த எடத்தோட ஆர்.எல். 100.565."

"அப்போ கருவியை நகத்தினா?"

"ஸ்டாஃப் அதே எடத்துல நிக்கணும். அதான் மாற்றுப் புள்ளி. புது எடத்துலேர்ந்து அதே புள்ளிக்கு மறுபடி பேக்சைட்."

அக்கா தலையாட்டினாள். "ஒரு காலை ஊனிக்கிட்டு இன்னொரு காலை எடுத்து வெக்கற மாதிரி."

செய்முறை நாளில் வகுப்பை ஏழு குழுவாகப் பிரித்து, ஆபீஸ் வாசலில் தொடங்கி தண்ணீர்த் தொட்டியின் படியில் முடிக்கச் சொன்னாள். அந்தப் படியில் சிவப்பு முக்கோணம் வரைந்த இரண்டாவது பெஞ்ச் மார்க் இருந்தது. அதன் ஆர்.எல். 101.245. எட்டு வருஷத்துக்கு முன்னால் மேடமே இரண்டு நாள் வெயிலில் நின்று எடுத்த எண். அதைப் பலகையில் எழுதிப் போட்டு, ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்தால்தான் கையெழுத்து என்றாள். பிறகு மரத்தடியில் நாற்காலி போட்டு வேறு வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்தினாள். தொட்டிப் பக்கம் அவள் போகவில்லை.

இருபத்தேழு ஷீட்டிலும் 101.245. அக்காவின் ஷீட்டில் 101.305.

"கூட்டல் சரியான்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். பேக்சைட் மொத்தம் 4.495, ஃபோர்சைட் மொத்தம் 3.190. வித்தியாசம் 1.305. கடைசி ஆர்.எல்.லேர்ந்து மொத ஆர்.எல்.லைக் கழிச்சாலும் அதே 1.305தான்."

"அது கணக்குல தப்பில்லைன்னுதான் சொல்லும். ஸ்டாஃபைத் தப்பாப் படிச்சிருந்தா அதுக்குத் தெரியாது. அறுபது மில்லி உதைக்குது. திரும்ப எடுங்க."

இரண்டாம் முறை 101.303. மூன்றாம் முறை 101.306. கருவியின் மட்டக் குமிழி நடுவில் இருந்ததா, ஸ்டாஃப் நேராக நின்றதா என்று மேடம் துருவித் துருவிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"இருபத்தேழு பேருக்கு வருது, உங்களுக்கு மட்டும் ஏன் வரல?"

"தெரியல மேடம். ஆனா கண்ணுக்குத் தெரியறதைத்தானே எழுத முடியும்?"

வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்துப் பேசுவதாக மேடத்துக்குப் பட்டது. "அப்போ கண்ணைச் சோதிச்சுக்கிட்டு வாங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. அக்கா உட்காரவில்லை. அடுத்த பருவத்தில் வரவும் இல்லை.

மறு வருஷம் தொட்டியில் கசிவு என்று பிளம்பர் வந்தார். மேடம் அந்த வழியாகப் போனபோது அவர் படியை உளியால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அடியிலயும் ஒரு முக்கோணம் இருக்கு பாருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இந்தப் படி மேல நாங்கதான் கான்கிரீட் போட்டோம். பெயிண்டர் பழைய குறி மாதிரியே மேல வரைஞ்சுட்டாரு போல."

மேடம் குனிந்து பார்த்தாள். பழைய முக்கோணம் வெளிறிப்போய்க் கிடந்தது. பையில் இருந்த எஃகு அளவுகோலை எடுத்து, புதுப் பூச்சின் கனத்தை அளந்தாள். அறுபது மில்லி.

நேராகப் பழைய ரெக்கார்டுகள் இருந்த அலமாரிக்குப் போனாள். அக்காவின் குழுவில் நான்கு பேர். நான்கு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். எல்லா அளவும் ஒன்று, கடைசி ஃபோர்சைட்டைத் தவிர. அக்கா எழுதியது 1.215. மற்ற மூவரும் 1.275. பலகையில் இருந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கழித்து எழுதிய எண். அதற்கும் கூட்டல் கழித்தல் சுத்தமாக ஒத்துப்போயிற்று. அதுபோக, ஏழு குழு ஏழு பாதையில் போய் ஒரு மில்லிகூடப் பிசகாமல் ஒரே எண்ணில் வந்து நிற்பது எந்தத் தரையிலும் நடக்காத காரியம். தளத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். பதினோரு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு வரவில்லை.

பிரின்சிபாலிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மறுசேர்க்கை தரலாம் என்றார் அவர். பழைய மாணவி ஒருத்தியைப் பிடித்து, அக்கா ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பதாகத் தெரிந்துகொண்டு போனாள். கவுண்டருக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மேடம். எங்க அனுப்பணும்?"

"அனுப்ப வரல. உங்க லெவல் ஷீட் சரி. படிதான் ஏறியிருக்கு, மேல கான்கிரீட் போட்டிருக்காங்க. எனக்குத் தெரியாது. நான் போய்ப் பாக்கல."

அக்கா கையில் இருந்த சீட்டை ஒட்டி முடித்தாள்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"நீங்க சொன்னீங்கன்னு கண் டாக்டர்கிட்ட போனேன் மேடம். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. சரி, அப்போ கோளாறு மண்டையிலதான்னு நெனச்சுக்கிட்டேன்." சிரித்தாள். மேடத்தால் சிரிக்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சுடுங்க. திரும்ப வாங்க. பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன், எடம் இருக்கு."

"எங்க அக்கா ஒரு வருஷம்தான் பாப்பாவைப் பாத்துக்கறேன்னு சொன்னாங்க. இப்ப அவங்களும் வேலைக்குப் போறாங்க. இங்க பாப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சுக்க விடறாங்க." அடுத்த பெட்டியைத் தராசில் வைத்தாள். "எங்க குழுவுல மூணு பேரும் பாஸாயிட்டாங்கல்ல?"

"ம். ஒருத்தன் சாக்கடை போடற வேலையில லெவல் எடுக்கறான்."

"அங்க பலகையில விடையை யாரு எழுதிப் போடுவாங்க?" என்றாள் அக்கா. குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமான கவலையோடு கேட்டாள். வரிசையில் நின்றவர் பெட்டியை நகர்த்தினார். மேடம் ஒதுங்கிக்கொண்டாள்.

அடுத்த செய்முறை வகுப்பில் முடிவு எண்ணை அவள் எழுதவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள், "அவங்க திரும்ப வந்தாங்களா மேடம்?"

"இல்ல" என்றாள் மேடம். பிறகு கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவர்களோடு வெயிலில் இறங்கினாள்.