மாடில்டா எழுதிய அரைப் பக்கம்

1955-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலாயாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்ட அலுவலகத்தில், மாடில்டாவின் விண்ணப்பத்தை அலுவலக எழுத்தரான கிராணி சத்தமாகப் படித்தார். படித்தார் என்பதைவிடக் குற்றப்பத்திரிகை வாசித்தார் என்று சொல்லலாம்.

"முப்பத்தொம்பதுல தமிழ்ப்பள்ளியில உதவி டீச்சர். நாப்பத்திரண்டுல பால்மரம் வெட்டு. நாப்பத்தாறுல ஆஸ்பத்திரி ஆயா. அம்பத்தொண்ணுல வேலை நீக்கம். அப்புறம் புல்வெட்டு. அப்புறம் கிளினிக்." தாளை மேசையில் வைத்தார். "பதினாறு வருசத்துல அஞ்சு வேலை. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் தொடர்பே இல்லையேம்மா."

"தொடர்பு இருக்குங்க ஐயா. நீங்க கேட்டா சொல்றேன்."

"வெளிய எட்டுப் பேரு நிக்கிறாங்க."

அவள் எழுந்து வந்துவிட்டாள். அது அவளுக்கு இரண்டாவது நிராகரிப்பு. முதல் தோட்டத்தில் காரணம்கூடச் சொல்லவில்லை.

மாடில்டாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கோலசிலாங்கூர் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தாள். சீனர்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக்கம்பம் ஒன்றில், மிஷன் நடத்திய கிளினிக்கில் மூன்று வருடம் வேலை பார்த்து, முந்தைய ஆண்டு மருத்துவச்சிச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். கிளினிக் மூடப்படப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். இனி வேறு வேலை தேட வேண்டும். அந்தச் சமயத்தில்தான், ஆறு தோட்டங்கள் சேர்ந்து கட்டிய புது ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாளர் தேவை என்று செய்தி வந்தது. விண்ணப்பப் படிவத்தின் தலைப்பில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. 'பணி விவரச் சுருக்கம்' என்று அதற்குப் பெயர். அதற்குக் கீழே வருடம், முதலாளி, வேலை, விலகிய காரணம் என்று வரிசையாகக் கோடுகள்.

எல்லாரும் அந்தக் கட்டத்திலும் பட்டியலையே சுருக்கி எழுதுவார்கள். அவளும் இரண்டு முறை அப்படித்தான் எழுதியிருந்தாள். பட்டியலில் அவள் எங்கெங்கே இருந்தாள் என்பது தெரிந்தது. ஏன் அங்கே போனாள் என்பது ஒரு வரியிலும் இல்லை. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் அரசோடு போரிட்ட அவசரகாலத்தில், ஏன் என்று சொல்லாத இடத்தில் படிப்பவர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தை நிரப்பிக்கொண்டார்கள். வேலை நீக்கம் என்றால் காட்டுக்காரர்களின் ஆள் என்றுதான் அர்த்தம்.

அன்று மாலை, கிராணி கேட்க மறுத்ததை எழுத உட்கார்ந்தாள். நான்கு பக்கம் ஓடியது. அப்பா இறந்தது, தம்பி மத்தியாஸ் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதது, மரவள்ளிக் கிழங்கு தின்றே கழித்த மாதங்கள், எல்லாம் வந்தன. மறுநாள் படித்துப் பார்த்தபோது அவளுக்கே அலுப்பாக இருந்தது. யாரோ இரக்கம் கேட்டுக் கைநீட்டுவதுபோல் இருந்தது.

பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரே கேள்வி: இதனால் என் வேலை மாறியதா? அப்பாவின் சாவால் அவள் வேலை மாறவில்லை. அடித்தாள். பசியாலும் மாறவில்லை. அதையும் அடித்தாள். தம்பியின் பெயர் வந்த வரியில் மட்டும் பென்சில் வெகுநேரம் நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

மிஞ்சியது மூன்று திருப்பங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், கிராணி இல்லை என்று சொன்ன தொடர்பு அவள் கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தது. எங்கே வேலை பார்த்தாலும் அவள் கையில் ஒரு பெயர்ப் பதிவேடு இருந்தது. இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அவள் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன நடந்தது, தான் என்ன செய்தாள், அடுத்த வேலைக்கு எதை எடுத்துப்போனாள் என்று மட்டும் எழுதினாள். கடைசியாக, இந்த வேலையை ஏன் கேட்கிறாள் என்று ஒரு வரி. அரைப் பக்கத்துக்குள் அடங்கியது.

கோலசிலாங்கூர் கடைத்தெருவில் அஞ்சடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர் உடையப்பன். மனு எழுதுவதில் இருபது வருடப் பழக்கம். அவள் தாளை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னா தங்கச்சி இது, கதை மாதிரில்ல இருக்கு? வேலைக்குப் பட்டியல் போதும்லா."

"பட்டியல் கீழ இருக்கு அண்ணே. ஒரு வருசம்கூட விடல. ஆனா மொதல்ல இதைத்தான் படிக்கணும்."

"சரி, 'தாழ்மையுடன் வேண்டுகிறேன்'னாவது ஆரம்பிப்போம்."

"வேணாம்."

"அம்பத்தொண்ணுல 'சொந்தக் காரணத்தால் விலகினேன்'னு போட்ருவோம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"நான் விலகல அண்ணே. விலக்குனாங்க."

"தடுப்புக்காவல்ல இருந்தத மேலயே போட்டா எந்தத் தொரை வேலை குடுப்பான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கீழ போட்டாலும் படிப்பான். அவனா கண்டுபிடிச்சா ஒளிச்சேம்பான். நானே சொன்னா நடந்ததச் சொன்ன மாதிரி. விடுதலைத் தாளோட நகல் இருக்கு, கூடவே இணைச்சிடுங்க."

உடையப்பன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை உருளையில் செருகினார். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'பதினாறு வயதில் தோட்டப் பள்ளியில் உதவி ஆசிரியை ஆனேன். பதிவேட்டில் வராத பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கப் பழகினேன். ஜப்பானியர் காலத்தில் பள்ளி மூடப்பட்டதால் பால்மரம் வெட்டினேன். 1943-இல் எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த டிரசரை ரயில் பாதை வேலைக்காகச் சயாமுக்குக் கொண்டுபோனபோது, பள்ளிப் பதிவேட்டின் மீதிப் பக்கங்களில் காய்ச்சல்காரர்களின் பெயர்களை எழுதி, அவர்களைக் கவனித்தேன். போர் முடிந்ததும் ஆசிரியை வேலைக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரி ஆயாவாகச் சேர்ந்தேன். 1951-இல் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் முள்வேலிக்குள் மாற்றப்பட்டன; வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகத் தடை வந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வேலிக்கு வெளியே இருந்தது. இருபத்திரண்டு குழந்தைகளுக்குப் பால்மாவு கொண்டுபோக மூன்று முறை எழுத்தில் அனுமதி கேட்டேன். பதில் வரவில்லை. ஒளிக்காமல் கையில் கொண்டுபோனேன். ஐந்து வாரம் காவலில் இருந்தேன், குற்றம் சாட்டப்படாமல் விடுவிக்கப்பட்டேன், வேலை போயிற்று. கிடைத்த புல்வெட்டு வேலை செய்தேன். பிறந்த குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால் ஆயாவின் சொல் போதாது என்று உணர்ந்து, மிஷன் கிளினிக்கில் சேர்ந்து மருத்துவச்சித் தேர்வு எழுதித் தேறினேன். பிரசவ வார்டிலும் பதிவேடு நானே வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.'

தட்டச்சு நின்றதும் உடையப்பன், "கையெழுத்துப் போடு" என்றார்.

மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. போகும் வழியில் பேருந்தை இரண்டு இடங்களில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிடம் தாமதம்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரியின் டாக்டர் நரைத்த தலை வெள்ளைக்காரர். அவர் பக்கத்தில் தோட்டங்களின் சார்பாக வந்திருந்த துரை. ஓரத்தில் பெரிய கிராணி கார்த்திகேசு. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

டாக்டர் பட்டியலைத் தொடவே இல்லை. கட்டத்தில் விரலை வைத்தார்.

"காய்ச்சல்காரர்களைக் கவனித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மலேரியாவுக்குக் கொய்னா இருந்ததா?"

"இல்லை."

"பிறகு என்ன செய்தீர்கள்?"

"தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். துடைத்துவிட்டேன். யாருக்கு எந்த நாள் காய்ச்சல் ஏறுகிறது என்று எழுதி வைத்து, அந்த நாளில் அவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டேன். நாற்பது பேரில் பதினொரு பேர் இறந்தார்கள்."

"இறந்தவர்களை இங்கே எழுதவில்லையே."

"நான் காப்பாற்றினேன் என்றும் எழுதவில்லை."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். துரை நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"அந்தப் பால்மாவு விவகாரம். காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்பதால் வேலிக்கு வெளியே உணவு போகக் கூடாது என்பது சட்டம். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இன்று அதே நிலை வந்தால்?"

பூசி மெழுகி ஒரு பதில் சொல்ல அந்த நேரத்திலும் வழி இருந்தது.

"மறுபடியும் அனுமதி கேட்பேன். மூன்று முறை காத்திருக்க மாட்டேன். ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் நேராக உங்கள் அலுவலகத்துக்கே வந்து நிற்பேன்."

"வந்தும் கிடைக்காவிட்டால்?"

"குழந்தைகளைப் பட்டினி கிடக்க விடமாட்டேன்."

துரையின் கழுத்து சிவந்தது. அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே துரையின் குரல் இரண்டு தடவை உயர்ந்தது. பிறகு கார்த்திகேசு தாளோடு வெளியே வந்து, அவள் அருகில் குனிந்து தமிழில் பேசினார்.

"டாக்டருக்கு உங்கள எடுக்க விருப்பம். தொரை ஒரே ஒரு பிடியில நிக்கிறாரு. இந்தத் தாள் ஆறு தோட்டத்துக் கோப்புக்கும் போவும். அந்தப் பால்மாவு, காவல், ரெண்டு வரியையும் அடிச்சிட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போட்டா சரின்னுட்டாரு. பேனா இந்தாங்க."

"அந்த ரெண்டு வரிய எடுத்துட்டா, ஆயாவா இருந்தவ ஏன் மருத்துவச்சி ஆனான்னு எப்படித் தெரியும்?"

"யாருக்கும்மா தெரியணும்? வேலைதானே வேணும்?"

"வேலை வேணும். அடிக்க மாட்டேன்."

"நல்லா யோசிச்சுக்குங்க. கிளினிக்க மூடுறாங்களாமே."

"அடுத்த மாசம் மூடுறாங்க. மறுபடியும் புல்வெட்டப் போறேன். பட்டியல்ல ஆறாவதா அதையும் எழுதிக்கிறேன்." பேனாவை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "அந்த வரி பொய்யின்னு தொரை சொல்லட்டும், இங்கேயே அடிச்சிடுறேன். பொய்யின்னு அவரு சொல்லலையே."

கார்த்திகேசு பெருமூச்சோடு உள்ளே போனார். இம்முறை அவர் கதவைச் சாத்தவில்லை. அதனால் டாக்டர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

"இருபது விண்ணப்பம் படித்தேன். பத்தொன்பது பேர் எங்கே இருந்தார்கள் என்று மட்டும் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் என்ன முடிவெடுப்பார் என்று சொல்லியிருக்கிறார். நள்ளிரவில் பிரசவம் சிக்கலாகி நான் வர ஒரு மணி நேரம் ஆகும்போது, அங்கே இருப்பவர் எப்படி முடிவெடுப்பார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

துரை சொன்ன பதில் தெளிவாகக் கேட்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் வந்தது. அவளைக் கடந்து போகும்போது அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் அவளை உள்ளே அழைத்து, ஆறு மாதம் தற்காலிகமாகத்தான் தர முடியும் என்றார். துரையை அவ்வளவு தூரம்தான் நகர்த்த முடிந்ததாம். விண்ணப்பத்தின் அடியில், எந்த வரியையும் அடிக்காமல், கையெழுத்திட்டார்.

"ஒரு வார்த்தை," என்றாள் மாடில்டா. "ஆஸ்பத்திரிப் பால்மாவு வேலியைத் தாண்ட எழுத்து அனுமதி வேண்டும். நான் சேருவதற்கு முன்பே வேண்டும்."

"இப்போதே நிபந்தனையா?"

"இப்போதே கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அனுமதி வர ஒன்பது நாள் ஆனது. வந்த பிறகுதான் அவள் கோலசிலாங்கூர் அறையைக் காலிசெய்தாள். ஆறு மாதம் முடிந்ததும் துரை இன்னொரு ஆறு மாதம் நீட்டச் சொன்னார், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை. நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது ஐம்பத்தேழாம் ஆண்டு மே மாதத்தில்தான். அன்று வார்டில் மூன்று பிரசவங்கள். கடிதத்தை மேலாடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைகழுவப் போனாள்.