மேல்வீட்டுக்காரருக்கு நீர் அடைத்த நாள்

எங்கள் கட்டட வேலையில் உயரக் கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தரையில் நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு ஏத்து, இறக்கு, நிறுத்து என்று சொல்கிற சிக்னல்காரன். கிரேன் உச்சியில் அவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால் பாதி இடம் தெரியாது. தெரியாத இடத்துக்கெல்லாம் நான்தான் கண். வருஷக்கணக்காக இப்படித்தான் பிழைப்பு. அவர் முகத்தைவிட அவர் குரல்தான் எனக்கு அதிகப் பழக்கம்.

மனிதர் நல்லவர், ஆனால் வறட்டுக் கௌரவம் கொஞ்சம் ஜாஸ்தி. காலையில் ஏணியில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். சாப்பாட்டுத் தூக்கு கயிற்றில் மேலே போய்விடும். மற்ற ஆபரேட்டர்கள் கூண்டில் ஒரு காலி பாட்டில் வைத்துக்கொள்வார்கள், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. இவருக்கு அது கேவலம். "அடக்கத் தெரியாதவன் ஆபரேட்டரா?" என்பார். அடக்குவதற்காகத் தண்ணீரையும் தொடமாட்டார். ஒரு வருஷமாகச் சாயந்திரம் இறங்கியதும் கழிப்பறையில் நெடுநேரம் நிற்பார். "என்ன, உள்ள கான்கிரீட் போடுறீங்களா?" என்று வெளியிலிருந்து கேட்போம். "வயசாகுதுல்ல, மெதுவாத்தான் வரும்" என்று சிரித்துக்கொண்டே வருவார்.

அன்று தளம் போடுகிற நாள். கான்கிரீட் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. எஞ்சினியர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல் ஓடிக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரருக்கு முந்தின நாளிலிருந்து சளி, குரல் மூக்கால் வந்தது. மருந்துக்கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கிப் போட்டதாகச் சொன்னார். தொட்டியில் கான்கிரீட் ஏற்றிய முதல் சில தூக்குகள் ஒழுங்காகப் போயின. அப்புறம் நான் 'நிறுத்து' என்றால் ஒரு மூச்சு கழித்து நின்றது. எனக்குக் கோபம் வந்தது.

"என்ன மேல்வீடு, தூக்கமா?"

"இல்லப்பா. அடுத்தத சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். அடுத்த தொட்டி தூண் பக்கம் நின்றவர்களின் தலையை உரசுகிற மாதிரி ஆடியது. கம்பி கட்டுகிறவர்கள் அலறிக்கொண்டு குனிந்தார்கள். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்தியாக வேண்டும். காரணமெல்லாம் பிறகுதான். நான் நிறுத்து என்று கத்தினேன். தொட்டியைத் தரையில் இறக்க வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க. என்ன உடம்புக்கு?"

"வயித்து வலி."

"எந்த இடம்?"

 அந்த அலைவரிசையில் எஞ்சினியர், மேஸ்திரி, பம்ப்காரர் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் தவித்தது எனக்குத் தெரிந்தது.

"காலைலேர்ந்து போகல" என்றார் கடைசியில்.

"எங்க போகல?"

"அட, ஒண்ணுக்குப் போகலடா! முட்டிக்கிட்டு நிக்குது, சொட்டுகூட வரல. போதுமா?"

யாரோ சிரித்தார்கள். "வாய மூடுடா" என்று நான் பொதுவாக ஒரு அதட்டல் போட்டேன். அதற்குள் முதலுதவி அறை நர்ஸம்மா தன் வாக்கிடாக்கியில் வந்துவிட்டார்.

"அண்ணே, வெக்கப்படாம சொல்லுங்க. தொப்புளுக்குக் கீழ கல்லு மாதிரி வீங்கியிருக்கா?"

"ஆமாம்மா. தொட்டா உயிர் போகுது."

"காய்ச்சல், குளிர் இருக்கா? கால் மரத்துப் போகுதா? முதுகு வலி?"

"அதெல்லாம் இல்ல."

"தண்ணி குடிச்சீங்களா?"

"ஒரு குடமே குடிச்சேன். மேல் தொட்டி நிரம்புனாத்தானேம்மா கீழ குழாய்ல வேகம் வரும்?"

ஆயுசில் தண்ணீர் குடிக்காத மனிதர் அன்றைக்குப் பார்த்து ஒரு குடம் குடித்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"குழாயே அடைச்சிருக்குண்ணே. இனிமே ஒரு வாய்கூடக் குடிக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

எஞ்சினியர் குறுக்கே வந்தார். "இந்த லாரிய மட்டும் முடிச்சிடலாமே? கொஞ்ச நேரத்துல தானா சரியாகிடாதா?"

"தானா சரியாகாது சார்" என்றார் நர்ஸம்மா. "மூத்திரப்பை நிரம்பி வெளிய போக வழியில்லன்னா தண்ணி பின்னாடி கிட்னிக்குத் திரும்பும். கிட்னி கெடும், கிருமி சேந்தா ரத்தத்துல ஏறும். பை அளவுக்கு மீறி இழுபட்டா அப்புறம் சுருங்கவே சுருங்காது. காத்திருக்கிற சமாசாரமில்ல."

 எஞ்சினியர் லாரிகளைத் திருப்பி அனுப்பப் போனார்.

இனி இறங்க வேண்டும்.  குனிய முடியாத, கால் தூக்க முடியாத மனிதர் அந்த ஏணியில் இறங்க வேண்டும். வலியில் மயங்கினால் என்ன ஆகும் என்று எல்லோரும் நினைத்தோம். கம்பி கட்டுகிறவர்களில் இரண்டு பேர் பாதுகாப்புக் கயிற்றோடு மேலே ஏறி அவருக்கு மேலும் கீழுமாக இறங்கி வந்தார்கள். நான் கீழே நின்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "வலது கால் இறக்கு. நிறுத்து. மூச்சு விடு. இடது." ஏணிக்கு நடுவே வரும் ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து முனகினார். தரையில் கால் வைத்தபோது சட்டை நனைந்திருந்தது, முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அடிவயிறு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர்!

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வரிசை இருந்தது. நர்ஸம்மா கூடவே வந்து நேரே டாக்டரிடம் சொன்னதால் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டதுமே டாக்டர் திரையை இழுத்தார். மரத்துப்போகச் செய்கிற ஜெல்லியைப் போட்டு மெல்லிய டியூபை மூத்திரப் பாதையில் விட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும், பேருந்து பிடித்து ஓடி வந்திருந்த அவர் மனைவியும் நின்றோம். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பாடா, சாமி" என்று அழுதார் மேல்வீட்டுக்காரர். டியூபில் மாட்டிய பையில் ஒரு லிட்டருக்கு மேல் நிறைந்தது.

டாக்டர் வெளியே வந்து விளக்கினார். வயதானதில், மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கியிருந்தது. அதனால்தான் ஒரு வருஷமாக மெதுவாக வந்திருக்கிறது. அந்தச் சளி மாத்திரை மிச்ச வழியையும் இறுக்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி கொஞ்சம் சிரமப்பட்டது தெரிகிறது, நேரத்தோடு வந்ததால் தேறிவிடும். டியூப் சில நாள் இருக்கட்டும், சுரப்பியைத் தளர்த்த மாத்திரை தருகிறேன், பிறகு டியூபை எடுத்துப் பார்ப்போம் என்றார்.

"எடுத்தப்புறம் போகலன்னா?" என்று கேட்டார் மனைவி.

"மறுபடி போடணும். அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசணும்."

அந்த நாட்கள் பூராவும் காலோடு பையைக் கட்டிக்கொண்டு வீட்டில் அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தாராம். கிரேனில் வேறு ஆள் வந்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. சாயந்திரமானால் போன் செய்து "இன்னைக்கு எத்தனை தூக்கு?" என்று கேட்பார். "கூண்டுல யாரு?" என்று மட்டும் கேட்கமாட்டார். டியூபோடு யாரும் ஏணி ஏற விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எடுக்கிற அன்று நானும் போனேன். காலையில் டியூபை எடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், வந்தால் இந்தக் கோப்பையில் பிடியுங்கள் என்றார்கள்.  அவர் எழுந்து கழிப்பறைக்குப் போனார், சும்மா வந்தார். மறுபடி போனார், சும்மா வந்தார். மனைவி முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை கதவு சாத்தியதும் நாங்கள் இருவரும் வெட்கத்தை விட்டுக் கதவோரம் போய்க் காதை வைத்து நின்றோம். ஆஸ்பத்திரி முழுக்க எங்களைப் பார்த்திருந்தாலும் கவலையில்லை.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கோப்பையில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல் விழுகிற சத்தம். அவர் மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். உள்ளேயிருந்து, மூக்கு சரியாகிவிட்ட பழைய குரல் எனக்குக் கேட்டது.

"டேய், வெளிய நிக்கிறியா? நிறுத்துன்னு மட்டும் சொல்லிடாத."