கத்திரி வெட்டிய மாத்திரை அட்டை

மருந்துக் கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கும் அவளைத் தெருவே கத்திரி என்றுதான் அழைக்கும். காரணம் இரண்டு. ஒன்று, கையில் எப்போதும் கத்தரிக்கோல். இரண்டாவது, வாய். இரண்டில் எது கூர்மை என்பதில் தெருவுக்குள் இன்னும் முடிவு வரவில்லை.

“அந்த வெள்ளை மாத்திரை குடும்மா, வட்டமா இருக்குமே” என்று யாராவது வந்துவிட்டால் போதும். “கடையில நானூறு வெள்ளை வட்டம் இருக்கு. கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?” என்பாள். மாத்திரையின் பேரும் அளவும் தெரியாமல் வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எரிச்சல் வரும். அந்த அளவைத் தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவளே அவள்தான் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியதில்லை.

கடையின் வழக்கம் அது. ஒரு அட்டையில் ஆறு மாத்திரை கேட்டால், பேர், அளவு, காலாவதித் தேதி அச்சிட்ட முனையைக் கடையில் வைத்துக்கொண்டு மொட்டை முனையை வெட்டிக் கொடுப்பாள். மிச்சம் எது என்று கடைக்குத் தெரிய வேண்டுமே. வாங்கிப் போகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை.

அன்று காலை பத்து நாற்பதுக்குத் தம்பி பெண்டாட்டி தலைவிரி கோலமாகக் கடைக்குள் ஓடி வந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் வாலு. கையில் ஆறு குழியும் காலியான மாத்திரை அட்டை.

“அண்ணி! இவ முழுங்கிட்டா அண்ணி! நேத்து இவங்க அப்பாவுக்குக் காய்ச்சலுக்குக் குடுத்தீங்களே, அது!”

வாலு நன்றாகத்தான் இருந்தாள். அத்தையைப் பார்த்ததும் இருமல் மிட்டாய் ஜாடியை நோக்கிக் கை நீட்டினாள்.

முதலாளி எழுந்து வந்தார். “உப்புத் தண்ணி கரைச்சு ஊத்து. வாந்தி வந்தா எல்லாம் வெளிய வந்துடும்.”

“நீங்க கல்லாவைப் பாருங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன்னு யாராவது கிட்ட வந்தீங்கன்னா இந்தக் கத்திரிக்கு வேலை வந்துடும்.”

சுவரில் ஒட்டியிருந்த விஷத் தகவல் மையத்தின் எண்ணை அழுத்தப்போன விரல் நடுவிலேயே நின்றது. வாலு தெளிவாக இருக்கிறாள், மூச்சு சீராக இருக்கிறது. மயங்கிக் கிடந்தால் ஒரு நொடி நிற்காமல் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். இப்போது அங்கே முதலில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்? அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மொட்டை. பாராசிட்டமால் என்பது நினைவிருந்தது. ஐநூறா, அறுநூற்றைம்பதா? நேற்று கடை நிறையக் கூட்டம். இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் வெள்ளை. ‘அந்த வெள்ளை மாத்திரைங்க’ என்று தானே சொல்லப் போகிறோம் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

டிராயரை இழுத்தாள். வெட்டுப்பட்ட மிச்ச அட்டைகள் இரண்டு கிடந்தன, ஐநூறு ஒன்று, அறுநூற்றைம்பது ஒன்று. வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டே வெட்டுகிறவள் ஆதலால் அவளுடைய ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு கோணல். ஐநூறோடு வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. அறுநூற்றைம்பதோடு வைத்தாள், வளைவுக்கு வளைவு அப்படியே பொருந்தியது. பத்தொன்பது வருடமாக முதலாளி திட்டிய கோணல்.

“அவன் எத்தனை சாப்பிட்டான்?”

தெரியாது என்றாள் தம்பி பெண்டாட்டி. வேலைக்குப் போயிருந்த தம்பியை அழைத்தார்கள். “நேத்து ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு. ஏன்க்கா?” என்றான். “மிச்சத்தை எங்கேடா வச்சே?” “கட்டில் மேல.” அதற்குமேல் அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆக, நாலைக் காணோம்.

“பாப்பா எவ்ளோ வெயிட்டு?”

“பதினாறு கிலோ அண்ணி.”

அந்தப் பதினாறு, உறவினர் வீட்டுக் குழந்தைகளோடு போட்டி போடுவதற்காக வளர்க்கப்பட்ட பதினாறு. கத்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. கடை வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. வாலுவை நிற்க வைத்தால் குதித்தாள். தாயோ அழுதுகொண்டு ஓரமாக நின்றாள். வேறு வழியில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்திரியே ஏறினாள். தொண்ணூற்று மூன்று. இறக்கிவிட்டுத் தனியாக ஏறினாள். எண்பத்தொன்று.

பத்து வருடமாக அறுபத்தெட்டு என்று சொல்லி வந்தவள் அவள். வாசலில் நின்ற ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். “என்ன பார்வை? பன்னிரண்டு கிலோ, குழந்தை” என்றாள்.

“எப்போ முழுங்கினா?”

“இப்பதான் அண்ணி, இப்பதான்.”

“இப்பன்னா? கடைசியா மாத்திரையைப் பார்த்தது எப்போ?”

“போன் வரும்போது மிச்ச மாத்திரை கட்டில்ல அப்படியே இருந்துது… அம்மா கூப்பிட்டாங்க…”

மொபைலை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பித்துப் பத்து இருபத்தைந்துக்கு முடிந்த அழைப்பு. நாற்பத்தைந்து நிமிடம்! பேசிய விஷயம் அண்ணியின் வாய்தான் என்பது தம்பி பெண்டாட்டியின் முகத்திலேயே எழுதியிருந்தது. கத்திரி அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இதெல்லாம் சேர்த்து ஐந்தே நிமிடம். பிறகு அழைத்தாள். எதிர்முனையில் நிதானமான ஒரு பெண் குரல், குழந்தை முழித்திருக்கிறதா, மூச்சு சரியா, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறதா என்று கேட்டது. கத்திரி கையில் எழுதி வைத்திருந்ததை ஒப்பித்தாள்; ஐநூறோ என்று முதலில் குழம்பியதையும், தாய் பதினாறு கிலோ என்றதையும் மறைக்கவில்லை.

“நாலும் முழுங்கினதை யாரும் பார்க்கலை.”

“பரவாயில்லைங்க. காணாம போனதெல்லாம் வயித்துலன்னுதான் கணக்கு வைக்கணும். நாலு அறுநூத்தைம்பது, ரெண்டாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு கிலோவுக்கு, கிலோவுக்கு இருநூறைத் தாண்டுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அந்த அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டரைக்கு ரத்தம் எடுப்பாங்க; பத்து இருபத்தஞ்சுக்கு முழுங்கியிருந்தாலும் நாலு மணி நேரம் ஆகியிருக்கணும், அதுக்கு முன்னாடி எடுத்தா கணக்கு சரியா வராது. ரிசல்ட்டைப் படிக்கும்போது மட்டும், முன்னாடியே முழுங்கியிருக்கலாம்னு, ஒன்பது நாப்பதுல இருந்து எண்ணச் சொல்லி நானும் அங்க பேசிடறேன்.”

“பாப்பா நல்லாதானே இருக்கா?”

“இந்த மருந்து முதல் நாள்ல எதையும் காட்டாதுங்க. கல்லீரலைத் தொட்ட பிறகுதான் தெரியும். ஐநூறு, பதினாறு கிலோன்னு சொல்லியிருந்தீங்கன்னா, வீட்டுலயே வச்சுப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்.”

ஆட்டோவில் போகும்போது கத்திரிக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காதில் நின்றது. பயந்தாள். வெளியே காட்டாமல், ஓட்டுநரை மெதுவாகப் போவதற்காகத் திட்டிக்கொண்டே பயந்தாள்.

இரண்டரைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது மணி நாலு. ரத்தத்தில் மருந்தின் அளவு, ஆபத்து என்று குறித்த கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, வாலுவின் விளையாட்டுக் குக்கரைத் திறந்தபோது உள்ளே மூன்று மாத்திரைகள், பொம்மைக்குச் சமைத்து வைக்கப்பட்டிருந்தன. கத்திரி தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் தம்பியை மறுபடி திட்டினாள்.

மறுநாளிலிருந்து மொட்டை அட்டை கடையை விட்டு வெளியே போகவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் பேரையும் அளவையும் எழுதினாள். முதலாளி மை செலவாகிறது என்றார். அவருக்குப் பதில் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போனாள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே விஷத் தகவல் மையத்தின் எண். அதன் கீழே தம்பி பெண்டாட்டியின் உருண்டைக் கையெழுத்தில்: வாலு 12, அவர் 70, நான் 58, அண்ணி 81.

கத்திரி பேனாவை எடுத்தாள். தன் பேருக்கு எதிரே அறுபத்தெட்டு என்று திருத்துவதற்காக மூடியைக் கழற்றினாள். மேலே இருந்த மையத்தின் எண்ணை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டுப் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டாள்.