கட்டைப்பை பிடித்த இருக்கை

பெருங்களத்தூரில் பண்டிகைக்கு முதல்நாள் தெற்கே போகும் பேருந்து வந்து நின்றால், ஆள் ஏறுவதற்கு முன்னால் பை ஏறிவிடும், ஜன்னல் வழியாக. பை விழுந்த இடம் பைக்காரருடையது. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்தே தலை நரைத்துப்போன என் அக்காவுக்கு, அது கிட்டத்தட்ட மூச்சு விடுவது மாதிரி. காலி இடத்தைக் கண்டால் அவள் கை தானாகப் பையை வைக்கும்.

அன்று விமான நிலையத்திலும் வைத்தது.

நாங்கள் புனே போகவேண்டியிருந்தது. அக்கா மகளுக்கு மறுநாள் காலை சிசேரியன். மாப்பிள்ளை கப்பலில், நடுக்கடலில் எங்கோ. பக்கத்தில் கையெழுத்துப் போடவும் ஆள் இல்லை, கை பிடிக்கவும் ஆள் இல்லை. பிற்பகல் விமானத்தை விட்டால் அடுத்ததில் இடம் மறுநாள்தான். இரண்டு நாளாக அக்கா தூங்கவில்லை. அவள் தூங்காததால் நானும் தூங்கவில்லை. பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்தபோது, ஜிஎஸ்டி சாலையின் மொத்த நெரிசலும் எங்கள் கால்களில் இறங்கியிருந்தது.

எங்கள் கேட்டுக்கு முன்னால் இரண்டே இருக்கைகள் காலி. அக்கா ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் கட்டைப்பையை வைத்தாள். துணிக்கடையில் கொடுக்கும், மரக்கைப்பிடி போட்ட பை. நான் தண்ணீர் பிடிக்கப் போனேன், அங்கே நீளமான வரிசை. போர்டிங் ஆரம்பித்ததை இப்போதெல்லாம் யாரும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுச் சொல்வதில்லை, திரையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆனால் பாட்டில் நிரம்பிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு குரல், அலுப்பே இல்லாத குரல், பேசியது. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பைகளைத் தொடாதீர்கள், பாதுகாப்புப் பணியாளரிடம் தெரிவியுங்கள். கவனிப்பாரற்று. அந்தச் சொல்லை நாக்கில் புரட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். ஒரு பைக்குப் போய் இத்தனை துக்கமான சொல்லா என்று இருந்தது.

திரும்பினால் எங்கள் வரிசையில் ஆளே இல்லை. சுற்றிலும் நாடா. துப்பாக்கி ஏந்திய வீரர்கள் ஜனங்களைப் பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெட்டவெளி போல் ஆகிவிட்ட அந்த இடத்தின் நடுவில், இருக்கையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது எங்கள் கட்டைப்பை.

எதிர்ப்பக்கத்துக் கழிப்பறையிலிருந்து அக்கா முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"பக்கத்துல இருந்த அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான்டா போனேன். கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. அவங்களும் தலைய ஆட்டினாங்க."

"எங்க அவங்க?"

"அவங்க ப்ளைட்டு வந்துருச்சு போல."

ஒரு நாயை அழைத்துவந்தார்கள். மெலிந்த, வேலையில் இருக்கிற நாய். அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "டேய், பேசாம இரு. பை போனா போகட்டும். நம்மள புடிச்சு வச்சுட்டா பொண்ணுகிட்ட யாரு போறது?"

தூக்கமில்லாத மூளையில் அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. அதற்குள் எங்கள் கேட்டில் நின்ற விமானக் கம்பெனிப் பெண் கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தப் பையை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கம் ஒருவரையும் விடமாட்டார்கள். அக்காவுக்கும் அது புரிந்தது. நாடாவுக்கு இந்தப்பக்கமே நின்று, பள்ளிக்கூடத்தில் போல் கையை உயர்த்தினாள்.

"மேடம், அது எங்களோட பைதான்."

தமிழ் பேசிய பெண் அதிகாரி ஒருவர் வந்தார். போர்டிங் பாஸைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார். உள்ளே என்ன, யார் அடுக்கியது, வழியில் யாராவது எதையாவது கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "எடுத்துக்கட்டுங்களா?" என்றாள்.

"கூடாதும்மா. உங்களுதுன்னு சொன்னாலும் நாங்க பாத்துட்டுத்தான் தருவோம். இடம் புடிக்க வச்சீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க இருந்து வர்றீங்க?"

"பெருங்களத்தூர்."

அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவருக்கும் அந்தப் பேருந்து நிறுத்தம் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்தது அந்த நெரிசலால் நடந்தது. பின்னால் தள்ளப்பட்ட கூட்டம் சுவரோடு ஒட்டி நிற்க, யாருடைய முதுகுப்பையோ சுவரிலிருந்த சிவப்புப் பெட்டியை அழுத்திவிட்டது. தீ எச்சரிக்கை மணி. காதுக்குள் ஆணி இறக்குவது போன்ற சத்தம். மணி ஏன் அடித்தது என்று அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. நாயும் பையும் மணியும் சேர்ந்தால் மனம் எங்கே போகும்? பணியாளர்கள் கைகாட்டி அவசரக் கதவுகளைத் திறந்தார்கள். லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்குங்கள், ஓடாதீர்கள், சாமான்களை விட்டுவிடுங்கள். யார் விட்டார்கள்? கதவிலேயே ஒருவரின் சக்கரப்பெட்டி மாட்டிக்கொண்டு, பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி அப்படியே நின்றாள். பணியாளர் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக எறிந்த பிறகுதான் வழி திறந்தது.

அக்கா நாடாவை நோக்கி இரண்டடி வைத்தாள்.

"பைய விடுங்கம்மா," அந்த அதிகாரி குரலை உயர்த்தாமலே சொன்னார். "நீங்க போங்க மொதல்ல."

முழங்கையைப் பிடித்து அவளைப் படியிறக்கினேன்.

வெளியே காங்கிரீட் கொதித்தது. எரிபொருள் வாடை. கலையக் கூடாது என்று எங்களை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தில் நின்றவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, "எந்த மகராசி பைய வச்சுட்டுப் போனாளோ. டவுன் பஸ்ஸுன்னு நெனச்சுட்டா போலருக்கு," என்றார்.

"ஆமாங்க," என்றாள் அக்கா. "கொஞ்சங்கூட அறிவே இல்ல."

அப்போது அவள் கைபேசி அடித்தது. மகள்.

"உள்ள போயிட்டீங்களாம்மா?"

"எல்லாம் ஆச்சு. இப்ப சும்மா காத்து வாங்கினு இருக்கோம். நீ சாப்டியா?"

பேசி முடித்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத வயதுக்கு நாங்கள் இருவருமே வந்துவிட்டிருந்தோம்.

தீ இல்லை என்று உறுதியான பிறகு உள்ளே விட்டார்கள். வெளியே வந்த எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து சோதனை. பெல்ட்டைக் கழற்று, தட்டில் வை, கையை விரி. எங்கள் விமானம் போய்விடவில்லை. அதில் ஏறவேண்டிய அத்தனை பேரும் எங்களோடுதான் வெயிலில் நின்றார்கள், யாரை ஏற்றிக்கொண்டு போகும்?

நாய் முகர்ந்து, இயந்திரத்தில் விட்டு, பை திரும்பி வந்தது. அக்கா முன்னாலேயே பிரித்துக் காட்டினார்கள். துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகள். தூளி கட்ட ஒரு முழுப் புடவை. அடியில், குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை. அதிகாரி அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே வைத்தார்.

"கூட வந்தவங்ககிட்டன்னா குடுத்துட்டுப் போங்க. தெரியாதவங்ககிட்ட சொல்லிட்டுப் போறதும், சொல்லாம போறதும் ஒண்ணுதாம்மா." பெயரையும் இருக்கை எண்ணையும் குறித்துக்கொண்டு எங்களைப் போகவிட்டார்.

விமானத்தில் அக்கா பையை முன்னிருக்கைக்குக் கீழே தள்ளி, இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

இருட்டுவதற்குள் புனே மருத்துவமனையில் இருந்தோம். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒற்றை நாற்காலி. அக்காவின் கை தானாகக் கட்டைப்பையை அதன்மேல் வைத்தது. "நீ போய் டீ குடிச்சுட்டு வாம்மா, நர்ஸ் பாத்துப்பாங்க," என்றாள் மகள். அக்கா கதவுவரை போனாள். நின்றாள். திரும்பி வந்து பையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.