தவக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

ஊருக்கெல்லாம் கொழுப்பைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நான், என் கொழுப்பு மாத்திரையை ஐந்து மாதம் விழுங்காமல் இருந்தேன். மறதி என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். மறதி இல்லை. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 97 என்று வந்திருந்தது. அதைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் மாதிரி பாவித்து, பாஸான பிறகு எவனாவது மறுபடி பரீட்சை எழுதுவானா என்று நிறுத்திவிட்டேன். அந்தத் தேர்ச்சியை ஒரு கடையில் பொரிச்ச பரோட்டாவோடு கொண்டாடியதும் நடந்தது.

முத்தையாபுரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் மருந்தாளுநர். சனிக்கிழமை காலையில், டாக்டர் வருவதற்கு முந்தின அரை மணி நேரம், காத்திருக்கும் நோயாளிகளுக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு பற்றிப் பேசுவது என் வேலை. "நம்பர் கொறஞ்சதும் மாத்திரைய நிறுத்திராதிய" என்பது நான் கவுண்டரில் தினமும் சொல்லும் வாசகம். சொல்வதற்கும் விழுங்குவதற்கும் தொண்டை ஒன்றுதான் என்றாலும் பாதை வேறு போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் லேப் அம்மாளின் நச்சரிப்பு தாங்காமல் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் அவர் காகிதத்தை என் முன்னால் வைத்தார். எல்.டி.எல். 163.

"சார், டியூப்பு மாறிட்டோன்னு ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்," என்றார். "மாறல."

மறுநாள் வகுப்புக்கு ஒரு கிரேன் ஆபரேட்டர் மனைவியோடு வந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷமாகக் கப்பலிலிருந்து பெட்டி இறக்குபவர். முந்தின ஆண்டு நெஞ்சுவலி வந்து, அடைத்த ரத்தக்குழாயை விரித்துவைக்க ஸ்டென்ட் வைத்தவர். கையிலிருந்த ரிப்போர்ட்டைத் துண்டுப் பிரசுரம்போல் ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். நான் ஈரலின் படத்தைச் சுவரில் மாட்டி, அம்புக்குறிகளைக் காட்டி ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். முன்வரிசையில் ஒரு பாட்டி என்னை விட்டுவிட்டு மின்விசிறியைக் கவனித்தார்.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் ஆபரேட்டர். "நம்ம லேப்புல சரியா பாக்குதாவளா?"

"ஏன் கேக்குதிய?"

"போன தடவ அறுபத்தி நாலு. இப்ப நூத்தி முப்பத்தி எட்டுன்னு போட்ருக்கு. தவக்காலம் நாப்பது நாளும் கறி இல்ல, மீன் இல்ல, முட்ட இல்ல. கவுச்சிய கண்ணால பாக்கல. பெறவு கொழுப்பு எங்கன இருந்து வரும்?"

"மாத்திரை?"

அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அதான் கவுச்சியே இல்லையே, கொழுப்பு மாத்திர எதுக்குன்னு நிறுத்துனேன். ரத்தம் ஒறையாம இருக்க குடுத்தத நிறுத்தல, அதுக்கு டாக்டர் பயங்காட்டிட்டாரு. இத நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஈஸ்டர் முடிஞ்சு திரும்ப எடுக்கணும்னு நெனச்சேன், எடுக்கல."

அவர் மனைவி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு, "கவுச்சிதான் இல்ல. சாயங்காலம் ஆனா பஜ்ஜி, ராத்திரி பரோட்டா, காலைல தேங்காப்பால் ஊத்தி ஆப்பம்," என்றார்.

"ஏளா, அதெல்லாம் சைவம்லா."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு அந்த எண் எழுபதுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது எங்கள் டாக்டரின் கட்டளை. இப்போது இரட்டிப்பாக நிற்கிறது. இவர் லேப்பைக் குற்றம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த அடைப்பு எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. எண்பது அடி உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் வேறு.

என் சட்டைப் பையில் முந்தின நாள் காகிதம் மடிந்து கிடந்தது. 97 வந்த என் பழைய ரிப்போர்ட்டும் மேசையில் இருந்தது. இரண்டையும் ஈரல் படத்துக்கு மேலேயே ஒட்டினேன்.

"லேப்பு தப்பில்ல அண்ணாச்சி. இது நான். மாத்திரை போட்டப்ப தொண்ணூத்தி ஏழு, நிறுத்துனப்ப நூத்தி அறுபத்தி மூணு. நானே பாடம் சொல்லி நானே பெயிலு."

மின்விசிறியைப் பார்த்த பாட்டி என்னைப் பார்த்தார். அந்த அறையில் முதல் தடவையாக எல்லாரும் கேட்டார்கள்.

கொழுப்பின் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவதில்லை, நம் உடம்பே செய்துகொள்கிறது, அதில் ஈரலுக்கு முக்கியப் பங்கு என்றேன். உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும், அதிகமானால் எல்.டி.எல். அதைச் சுமந்து ரத்தத்திலேயே திரிந்து குழாய்ச் சுவரில் இறக்கிவிடும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் அந்தச் சுமையைக் கூட்டும், சைவமானாலும். மாத்திரை ஈரலுக்குள் கொழுப்பு செய்கிற ஒரு இயந்திரத்தைப் பூட்டிவைக்கிறது. சரக்கு போதாத ஈரல், தன் வாசல்களை அதிகமாக்கி, ரத்தத்தில் போகிற எல்.டி.எல்.லை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஆபரேட்டர் நெற்றியைச் சொறிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப ஃபேக்டரிக்குள்ள உற்பத்தி கொறஞ்சா, வாசல் கேட்ட ரெண்டா மூணா தொறந்து, ரோட்டுல வரிசையா நிக்குத லாரிய உள்ள எடுத்துக்கிடுவான். ரோடு காலியாவும்."

"அதேதான்."

"மாத்திரைய நிறுத்துனா மறுபடி உற்பத்தி. கேட்டு மூடிரும். லாரி பூரா ரோட்டுல." துறைமுகச் சாலையில் லாரி வரிசைக்குள் சிக்கிய எவரும் இதை மறக்க மாட்டார்கள். "ஸ்டென்ட்டு?"

"ஒரு எடத்துல ரோட்ட அகலப்படுத்துனது. மிச்ச ரோடு பழைய ரோடுதான்."

ஆபரேட்டர் தன் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தார். வகுப்பு முடிந்ததும் டாக்டரிடம் போய், மாத்திரையை மறுபடி எழுதி வாங்கிக்கொண்டார். தசைவலி வந்தால் வந்து சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்று நான் சொன்னதற்கு, "ஒங்கள மாதிரியா?" என்றார். நியாயம்தான். அன்று மதியம் நானும் டாக்டரைப் பார்த்து என் மாத்திரையை ஆரம்பித்தேன்.

எட்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, லேப் அம்மாள் அறைக்குள்ளிருந்தே கையை உயர்த்தினார். ஆபரேட்டரின் எல்.டி.எல். 58. என்னுடையது 94.

அன்று வகுப்பை நான் எடுக்கவில்லை. ஆபரேட்டர் எழுந்து நின்று, கேட்டு, லாரி, ரோடு எல்லாவற்றையும் கைவீசி விளக்கினார். மீனை ஒதுக்க வேண்டாம், குழம்பாக வைத்தால் நல்லது, எண்ணெய்க்குள் முக்கிப் பொரிப்பதுதான் வம்பு என்று என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். அந்தப் பாட்டி இரண்டு கேள்வி கேட்டார். எதிரே இருந்த ஒரு சுமை தூக்கும் தொழிலாளி, தானும் மூன்று மாதமாக நிறுத்தியிருப்பதை ஒப்புக்கொண்டு, அன்றே டாக்டரிடம் வரிசையில் நின்றார். இத்தனை வருஷம் அம்புக்குறி காட்டி நான் சாதிக்காததைப் பத்து நிமிஷத்தில் சாதித்த ஒரு முறை எங்களிடம் இப்போது இருந்தது. நானே கண்டுபிடித்ததாக ஒரு கட்டுரை எழுதலாமா என்று யோசித்தேன். ஈரல் படத்தைக் கழற்றிவிட்டு, துறைமுகச் சாலையைப் படம் வரைந்து மாட்டச் சொன்னேன்.

எல்லாரும் கலைந்தபின் ஆபரேட்டரின் மனைவி கவுண்டருக்கு வந்தார். நான் அடக்கமாகச் சிரித்து, "பாத்தியளா, புரியிற மாதிரி சொன்னா மனுசன் கேட்டுக்கிடுதாரு," என்றேன்.

"எங்க கேக்குதாவ," என்றார் அவர். "ரெண்டாம் நாளே மறந்துட்டாவ. நான்தான் மாத்திரை அட்டைய பல் தேய்க்கித பேஸ்ட்டோட சேத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சேன். ஒங்க வீட்லயும் கட்டச் சொல்லுங்க சார்."