எல்லாருக்கும் ஒரே இரத்த வகை

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர், ஊர், இரத்த வகை எல்லாம் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண்.

அந்த எண்களை மாற்றியமைக்க, மதுரையிலிருந்த புரோகிராமர் ஒரு புரோகிராம் எழுதி ஃபிளாப்பியில் அனுப்பியிருந்தார். பயிற்சிக்கென்று வைத்திருந்த சின்னக் கோப்பில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டினேன். மாறிய ரெக்கார்டுகள் ஆயிரத்துக்கு மேல் என்று திரை காட்டியது. பயிற்சிக் கோப்பில் இருந்ததே முப்பது பேர்தான்.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பயிற்சிக் கோப்புக்குப் பதிலாக, எல்லார் விவரமும் இருந்த அசல் கோப்பின் இடத்தையே புரோகிராமர் உள்ளே எழுதி வைத்திருந்தார். ஒன்றை இரண்டாக்கு, இரண்டை மூன்றாக்கு என்று வரிசையாக ஓடியதில், கடைசியில் எல்லாரும் ஒரே எண்ணில் வந்து நின்றார்கள். பழைய எண்ணைத் திரும்ப வரவைக்கும் வசதி அதில் கிடையாது.

பெயர்களை ஏற்றும் அக்கா பக்கத்தில் காத்திருந்தார்.

"அக்கா, இப்ப எதையும் ஏத்தாதீங்க. ஓடுனது அசல் கோப்புல."

"ஐயய்யோ, என்னட்டி சொல்லுத!"

"பயப்படாதீங்க. நேத்து சாயங்காலம் ஃபிளாப்பில எடுத்த காப்பி இருக்குல்லா?"

"இருக்கு. காலைல நான் ஏத்துன காலேஜ் பிள்ளைங்க அதுல இருக்க மாட்டாங்களே?"

"அவங்க எழுதிக் கொடுத்த தாளு இருக்குல்லா, போதும்."

கீழே ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிக்கும் அண்ணாச்சிக்குப் போனில் சொன்னேன். "அண்ணாச்சி, நான் சொல்லுத வரைக்கும் கம்ப்யூட்டரைப் பாத்து யாரையும் கூப்பிடாதீங்க."

"கூப்பிட்டாலும் டெஸ்ட் பண்ணாம இரத்தம் ஏத்த மாட்டேன். சீக்கிரம் முடி."

காப்பி ஃபிளாப்பியில் எதுவும் எழுதப்படாமல் இருக்க அதன் ஓர வெட்டை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். கெட்டுப்போன கோப்பையும் வேறு பெயரில் பத்திரப்படுத்தினேன். பிறகு பதிவு எண்ணை வைத்து இரண்டு கோப்புகளையும் இணைத்து, நேற்றைய காப்பியிலிருந்து இரத்த வகையை மட்டும் எடுத்துப் போட ஒரு கட்டளை. அதை முதலில் ஒரு நகலில் ஓட்டினேன். பத்துப் பதினைந்து பேரை எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அதன்பிறகே அசலில் ஓட்டினேன். காலையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் அந்த இடம் வெறுமையாக நின்றது. தாளைப் பார்த்து அக்கா வாசிக்க, நான் அடித்தேன்.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டு, லைன் கிடைத்ததும் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"பயிற்சிக் கோப்புலதானேம்மா ஓட்டுன?" என்றார் புரோகிராமர்.

"அங்கனதான் சார் ஓட்டுனேன். உங்க புரோகிராம் அசலைத் திறந்துட்டுது. எண்ணு மாத்துத வரிசையும் தப்பு, கடைசி எண்ணுலருந்து தொடங்கணும். இங்க சரி பண்ணியாச்சு."

அவர், நான் எப்படிச் சரிசெய்தேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் ஆய்வகத்திலிருந்து ஏ நெகட்டிவ் இரத்தம் கேட்டார்கள். செங்கோட்டையில் ஒருவர் இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. தகவல் சொன்னதும், சாரலில் நனைந்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். டெஸ்ட் பண்ணிவிட்டு அண்ணாச்சி போனில் சொன்னார்: "ஏ நெகட்டிவேதான்."